கறிக்கோழிப் பண்ணையும் தீவனக் கடனும்

கறிக்கோழிப் பண்ணை என்பது இறைச்சிக்காக பிராய்லர் கோழிகளைக் குஞ்சுப் பருவம் முதல் விற்பனை எடை வரை வளர்த்துக் கொடுக்கும் தொழிலாகும். ஒரே நாளில் இறக்கப்படும் குஞ்சுகள் ஒரு பேட்ச் எனப்படும். சுமார் 40 நாட்களில் அவை இரண்டு கிலோவைத் தாண்டியதும் மொத்தமாகப் பிடித்து விற்கப்படுகின்றன. பிறகு கொட்டகை சுத்தம் செய்யப்பட்டு, அடுத்த பேட்ச் இறக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில், குறிப்பாகப் பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் இத்தொழில் பரவலாக உள்ளது. நாமக்கல் பகுதி இதற்கு மாறாக முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது.

இக்கட்டுரை, சொந்தமாகக் குஞ்சும் தீவனமும் வாங்கி வளர்க்கும் சிறிய பண்ணையின் வரவு செலவை விளக்குகிறது. இத்தகைய பண்ணைகள் நோயால் மட்டும் நட்டமடைவதில்லை. கையிலுள்ள பணம் முழுவதையும் கொட்டகையில் போட்டுவிட்டுத் தீவனத்தைக் கடனில் வாங்குவதாலும் பல பண்ணைகள் நின்றுபோகின்றன. கீழே வரும் விலைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. தொடங்குபவர் தம் ஊரின் அன்றைய விலைகளை அவற்றின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கொட்டகை

ஆழ்கூள முறையில் ஒரு கறிக்கோழிக்கு ஒரு சதுர அடி இடம் தேவை. ஆகவே 2,000 கோழிகளுக்கு 2,000 சதுர அடி, அதாவது 100 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட கொட்டகை வேண்டும். நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்தால் காலை, மாலை வெயில் உள்ளே நேராக விழாது. பக்கவாட்டில் ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரச் சுவரும் அதற்கு மேல் கம்பி வலையும் அமைக்கப்படுகின்றன. கூரை மூன்று அடி வெளியே நீண்டிருந்தால் மழைச்சாரல் கூளத்தை நனைக்காது. அகலம் 25 அடியைத் தாண்டினால், மின்விசிறி இல்லாத கொட்டகையின் நடுப்பகுதியில் காற்றோட்டம் குறைந்து, கூளத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு தங்கிவிடும். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால் அந்த வாயு அளவு மீறிவிட்டது என்று அறியலாம்.

தரைக்கு சிமென்ட் பூச்சு வேண்டும். அதன்மேல் நெல் உமி அல்லது தேங்காய் நார்க்கழிவு இரண்டு அங்குல உயரத்திற்குப் பரப்பப்படுகிறது. கூரைக்குத் தென்னங்கீற்று, ஓடு, சிமென்ட் அட்டை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கீற்று மலிவானது, வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சிமென்ட் அட்டை நீண்ட நாள் உழைக்கும். கோடையில் அதன்மேல் வெள்ளையடித்தோ நீர் தெளித்தோ சூட்டைக் குறைக்க வேண்டியிருக்கும்.

சதுர அடிக்கு 200 ரூபாய் எனக் கொண்டால் கொட்டகைக்கு 4,00,000 ரூபாய் ஆகும். தீவனத் தட்டுகள், தண்ணீர்க் குடுவைகள், குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் புரூடர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு 60,000 ரூபாய் சேர்த்தால் மொத்த முதலீடு 4,60,000 ரூபாய். இதில் 3,00,000 ரூபாய் 12 சதவீத வட்டிக்கு வங்கியில் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பேட்ச் சுமக்கும் கொட்டகைச் செலவு

கொட்டகைச் செலவு ஒருமுறை செய்து முடிந்துபோவதல்ல. அதை ஒவ்வொரு பேட்சும் சிறிது சிறிதாகச் சுமக்கிறது. வளர்ப்புக்கு 40 நாட்கள், சுத்தம் செய்து கொட்டகையைக் காலியாக வைக்க 15 நாட்கள் என ஒரு சுற்றுக்கு 55 நாட்கள் ஆகும். எனவே ஆண்டுக்கு ஆறு பேட்ச்தான் எடுக்க முடியும். இடைவெளியைக் குறைத்து ஏழாவது பேட்ச் எடுக்க முயல்வோர் உண்டு. பழைய கூளத்தை அகற்றி, தரையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கிருமிநாசினி தெளித்து, உலரவிடாமல் குஞ்சு இறக்கினால் முந்தைய பேட்சின் நோய்க்கிருமிகள் புதிய குஞ்சுகளைத் தாக்கும். கூடுதலாகக் கிடைத்த ஒரு பேட்சின் வருமானம் இறப்பில் போய்விடும்.

கொட்டகை பத்து ஆண்டு உழைக்கும் எனக் கொண்டால் பேட்சுக்கு 6,667 ரூபாய் தேய்மானம். ஐந்து ஆண்டு உழைக்கும் சாதனங்களுக்கு 2,000 ரூபாய். முதலாண்டு வங்கி வட்டி 36,000 ரூபாயில் பேட்சின் பங்கு 6,000 ரூபாய். மூன்றும் சேர்ந்து 14,667 ரூபாய். தேய்மானமாக ஒதுக்கும் தொகையிலிருந்துதான் வங்கிக் கடனின் அசல் திரும்ப வேண்டும். ஆகவே அதை லாபம் என்று எண்ணிச் செலவழிக்கக் கூடாது.

ரொக்கத்திற்குத் தீவனம் வாங்கினால்

2,000 குஞ்சுகளில் 5 சதவீதம் இறந்து, 1,900 கோழிகள் சராசரி 2.1 கிலோ எடையில் விற்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். விற்பனை எடை 3,990 கிலோ.

ஒரு கிலோ உயிர் எடைக்கு எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பது தீவன மாற்றுத் திறன் எனப்படும். பண்ணையாளர்கள் இதை எப்.சி.ஆர். என்பர். இது 1.7 எனில் 6,783 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 136 தேவை.

- தீவனம், 136 மூட்டை, மூட்டை 2,000 ரூபாய்: 2,72,000
- குஞ்சு, 2,000, ஒன்று 35 ரூபாய்: 70,000
- தடுப்பூசி, மருந்து: 8,000
- கூளம், மின்சாரம், வெப்பமூட்டல்: 8,000
- ஆட்கூலி: 12,000
- கொட்டகை, சாதனங்கள், வட்டி: 14,667
- மொத்தம்: 3,84,667 ரூபாய்

ஒரு கிலோ கோழிக்கு அடக்க விலை ஏறத்தாழ 96.40 ரூபாய். மொத்தச் செலவில் தீவனம் மட்டும் சுமார் 70 சதவீதம். பண்ணை விலை கிலோ 102 ரூபாயாக இருந்தால் வரவு 4,06,980 ரூபாய், மிச்சம் 22,313 ரூபாய். கோழி எருவையும் காலிச் சாக்குகளையும் விற்றுக் கிடைக்கும் சிறு தொகை இதில் சேர்க்கப்படவில்லை.

கடனில் வாங்கினால்

தீவன வணிகர்கள் பேட்ச் முடியும் வரை கடன் கொடுப்பது வழக்கம். பத்திரம், ஈடு எதுவும் கேட்பதில்லை. கோழி விற்ற பணத்தில் கொடுத்தால் போதும். வட்டி என்ற சொல்லே பேச்சில் வராது. அதற்குப் பதிலாக மூட்டை விலை உயர்கிறது. ரொக்கத்திற்கு 2,000 ரூபாயாக இருக்கும் மூட்டை கடனுக்கு 2,080 ரூபாய் என்றால், 136 மூட்டைக்கு 10,880 ரூபாய் கூடுதல். மிச்சம் 22,313 ரூபாயிலிருந்து 11,433 ரூபாயாகக் குறைகிறது. ஏறத்தாழப் பாதி லாபம் தீவனக் கடைக்குப் போய்விடுகிறது.

80 ரூபாய் என்பது மூட்டை விலையில் 4 சதவீதம்தான். ஆகவே அது வங்கி வட்டியைவிடக் குறைவு என்று தோன்றும். கடன் எத்தனை நாளுக்கு என்பதையும் பார்த்தால்தான் உண்மை விளங்கும். தீவனம் ஒரே நாளில் வருவதில்லை. குஞ்சு இறங்கும் நாளில் 26 மூட்டை, 14ஆம் நாளில் 50 மூட்டை, 26ஆம் நாளில் 60 மூட்டை வருகிறது எனக் கொள்வோம். 40ஆம் நாள் கோழி விற்று, 44ஆம் நாள் பணம் கட்டப்படுகிறது. முதல் மூட்டைகளின் கடன் 44 நாள், இரண்டாவது 30 நாள், கடைசி 60 மூட்டைகளின் கடன் 18 நாள் மட்டுமே. கோழிகள் கடைசி இரண்டு வாரங்களில்தான் மிக அதிகமாகத் தின்பதால், பெரும்பங்குத் தீவனத்தின் கடன் காலம் மிகக் குறுகியது. சராசரி 27 நாட்கள். 27 நாளுக்கு 4 சதவீதம் என்பது ஆண்டுக்கு 53 சதவீதத்திற்கு மேல்.

இதே 2,72,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் அதே நாட்களுக்குக் கடனாகப் பெற்றிருந்தால் வட்டி சுமார் 2,450 ரூபாய்தான் ஆகியிருக்கும். விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை, 2018-19 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவிப்பைத் தொடர்ந்து கால்நடை, கோழி வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. தீவனம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். கொட்டகைக்கு வங்கிக் கடன் கேட்கும்போதே நடைமுறை மூலதனக் கடனையும் சேர்த்துக் கேட்காமல் விடுவது தொடங்குவோரிடம் காணப்படும் பெரிய குறை.

விலை சரிந்த பேட்ச்

கோழி வளர 40 நாளாகிறது, விலையோ நாள்தோறும் மாறுகிறது. தமிழ்நாட்டில் பல்லடத்திலுள்ள பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலையைப் பண்ணையாளர்களும் வியாபாரிகளும் பின்பற்றுகின்றனர். பலர் புலால் உண்ணாத புரட்டாசி மாதத்திலும், சபரிமலைக்கு மாலையிடும் காலத்திலும் தேவை குறையும். தீபாவளியை ஒட்டி ஏறும். இவற்றை முன்கூட்டியே எண்ணிக் குஞ்சு இறக்கும் நாளைத் தீர்மானிக்கலாம். எதிர்பாராத சரிவுகளும் உண்டு. 2006இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோதும், 2020 தொடக்கத்தில் கோழியால் கொரோனா பரவும் என்ற வதந்தி எழுந்தபோதும் நாடெங்கும் கோழி விலை வீழ்ந்தது.

மேற்கண்ட பண்ணையில், கடனில் தீவனம் வாங்கிய ஒரு பேட்சை 85 ரூபாய்க்கு விற்க நேர்ந்தால் வரவு 3,39,150 ரூபாய். அடுத்த பேட்சின் குஞ்சு, மருந்து, கூளம், கூலிக்கு 98,000 ரூபாயை எடுத்து வைத்தால் தீவனக் கடைக்குக் கொடுக்க மிஞ்சுவது 2,41,150 ரூபாய். பாக்கி 2,82,880 ரூபாய். 41,730 ரூபாய் பழைய பாக்கியாக நின்றுவிடுகிறது. வங்கித் தவணை இதில் சேரவில்லை.

கடனில் நல்ல பேட்ச் தரும் லாபம் 11,433 ரூபாய் என்பதால் இந்தப் பாக்கியைத் தீர்க்க நான்கு நல்ல பேட்ச், அதாவது ஏழு மாதத்திற்கு மேல் ஆகும். அந்த மாதங்களில் பண்ணையாளர் வீட்டுக்கு ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. இடையில் இன்னொரு சரிவு வந்தால் பாக்கி இரட்டிப்பாகும்.

பாக்கி நின்ற பிறகு வணிகரோடு உள்ள உறவும் மாறுகிறது. வேறு கடையில் மலிவாகக் கிடைத்தாலும் மாற முடியாது. மூட்டை நனைந்திருந்தாலும், தீவனத்தில் பூஞ்சை வாடை வந்தாலும் திருப்பி அனுப்பத் தயக்கம் ஏற்படும். சில இடங்களில் தீவனம் கொடுப்பவரே கோழியையும் வாங்கிக்கொள்கிறார். அப்போது விற்பனை நாள், விலை, எடை மூன்றும் கடன் கொடுத்தவர் கைக்குப் போகின்றன. பிடிக்க வேண்டிய கோழியை மேலும் சில நாள் நிறுத்தி வைக்கச் சொன்னாலும் மறுக்க முடியாது. 1,900 கோழிகள் அந்த வயதில் ஒரு நாளைக்கு 285 கிலோ தீவனம் தின்று 133 கிலோ எடை கூடினால், கடன் விலையில் ஒரு நாள் தீவனச் செலவு 11,856 ரூபாய். கோழி விலை 85 ரூபாய் எனில் கூடிய எடையின் மதிப்பு 11,305 ரூபாய். ஒவ்வொரு நாளும் நட்டம் கூடும். கோடையில் எடை மிகுந்த கோழிகளே வெப்பத்தில் முதலில் சாகும். அடுத்த பேட்ச் இறக்கும் நாளும் தள்ளிப்போகும்.

தீவன வீணும் அதைக் கண்டறிதலும்

கடனில் நடக்கும் பண்ணையில் வளர்ப்புப் பிழைக்கு இடமே இல்லை. தீவன மாற்றுத் திறன் 1.7இலிருந்து 1.8 ஆனால் கூடுதலாக 8 மூட்டை செலவாகும். கடன் விலையில் அது 16,640 ரூபாய். 11,433 ரூபாய் லாபம் போய் நட்டமாகிவிடும்.

இது பேட்ச் முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை. வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில், கொட்டகையின் வெவ்வேறு மூலைகளில் 50 கோழிகளைப் பிடித்து எடை போட்டு, அதுவரை தின்ற தீவனத்தோடு ஒப்பிட வேண்டும். குஞ்சு வழங்கும் நிறுவனம் தரும் வார எடை அட்டவணையோடு பார்த்தால் எந்த வாரத்தில் பின்தங்கியது என்று தெரியும். முதல் வாரத்தில் எடை குறைந்தால் புரூடர் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். அங்கே முதல் வாரம் 90 முதல் 95 பாரன்ஹீட் தேவை. பிறகு வாரந்தோறும் 5 பாரன்ஹீட் குறைக்கப்படுகிறது. குஞ்சுகள் விளக்கின் கீழ் குவிந்தால் குளிர்கிறது என்றும், விலகி ஓரத்தில் நின்று வாய் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம் என்றும் பொருள். பரவலாகப் படுத்திருந்தால் வெப்பம் சரியாக உள்ளது.

பிந்தைய வாரங்களில் தீவனம் கீழே சிந்துவதே அடிக்கடி காணப்படும் காரணம். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். தட்டை நிரம்பக் கொட்டாமல் மூன்றில் ஒரு பங்கு வரை நிரப்பிப் பல முறை வைத்தால் சிந்துவது குறையும். தீவன அறையில் எலி நுழையாமல் அடைப்பதும், மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகைமேல் சுவரை ஒட்டாமல் அடுக்குவதும் தேவை. நான்காம் வாரத்திற்குப் பின் இறக்கும் கோழி, குஞ்சு விலையோடு தின்ற தீவனத்தையும் கொண்டுபோகிறது. அதனால் முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, இரண்டாம் வாரத்தில் கம்போரோ, நான்காம் வாரத்திற்குள் மீண்டும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து என்ற வரிசையைக் கால்நடை மருத்துவர் சொல்லும் நாட்களில் தவறாமல் கொடுப்பது தீவனச் செலவைக் காப்பதும் ஆகும்.

பாதி அளவில் தொடங்கினால்

அதே 4,60,000 ரூபாயில் 1,000 கோழிகளுக்கு மட்டும் கொட்டகையும் சாதனங்களும் அமைத்தால் 2,30,000 ரூபாய் ஆகும். மீதி 2,30,000 ரூபாயில், ஒரு பேட்சின் குஞ்சு, தீவனம், மருந்து, கூலி அனைத்துக்கும் தேவையான 1,85,000 ரூபாயை ரொக்கமாகவே செலவிடலாம். 45,000 ரூபாய் கையிருப்பாக நிற்கும்.

வங்கி வட்டி அதே 6,000 ரூபாய் என்பதால் நல்ல பேட்சின் லாபம் 8,157 ரூபாய். கடனில் நடக்கும் 2,000 கோழிப் பண்ணையைவிட இது 3,276 ரூபாய் குறைவு. ஆனால் விலை 85 ரூபாய்க்குச் சரிந்தால் இப்பண்ணையின் ரொக்கக் குறைவு 15,425 ரூபாய் மட்டுமே. வங்கிக்குரியதைத் தனியே கட்ட வேண்டியிருந்தாலும், கையிருப்பு இந்தக் குறைவைத் தாங்கும். யாருக்கும் பாக்கி நிற்காது. கோழியை எந்த நாளில், எந்த வியாபாரிக்கு விற்பது என்பதும் பண்ணையாளர் முடிவாகவே இருக்கும். கொட்டகையைக் கட்டும்போதே பின்னால் நீட்டிக்க இடம் விட்டால், சேர்ந்த லாபத்தில் பிறகு பெரிதாக்கலாம்.

ஒப்பந்த வளர்ப்பு

தீவனக் கடனைத் தவிர்க்கும் இன்னொரு வழி ஒப்பந்த வளர்ப்பு. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் 1990களில் வேரூன்றிய முறை இது. நிறுவனம் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றைத் தந்து கோழியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பண்ணையாளர் கொட்டகை, உழைப்பு, கூளம், மின்சாரம் தருவார். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும். சந்தை விலைச் சரிவு பெரும்பாலும் நிறுவனத்தைச் சாரும்.

கூலி 7 ரூபாய் எனில் 3,990 கிலோவுக்கு 27,930 ரூபாய். மேற்கண்ட பண்ணையில் கூளம், மின்சாரம், ஆட்கூலி, கொட்டகை ஆகியவற்றின் செலவு 34,667 ரூபாய். எனவே கூலியாள் வைத்து 2,000 கோழி வளர்ப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. குடும்பத்தாரே உழைத்தாலோ, ஒரே ஆள் 5,000 கோழிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குக் கொட்டகை பெரிதாக இருந்தாலோ கட்டுப்படியாகும். தீவன மாற்றுத் திறன் மோசமானால் கூலியைக் குறைக்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்கும். அதைப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

கடன் தவிர்க்க முடியாதபோது

முழுத் தீவனத்துக்கும் கடன் வாங்காமல் கடைசி 60 மூட்டைக்கு மட்டும் வாங்கினால் கூடுதல் செலவு 10,880 ரூபாயிலிருந்து 4,800 ரூபாயாகக் குறையும். ஒவ்வொரு பில்லிலும் ரொக்க விலை, கடன் விலை இரண்டையும் எழுதி வாங்க வேண்டும். மூட்டை இறங்கும்போது சிலவற்றை எடை போட்டுப் பார்க்க வேண்டும். தொகை நிரப்பாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுக்கக் கூடாது. தீவனம் தருபவரிடமே கோழியை விற்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்காதிருப்பது நல்லது. ஒரு பேட்சின் பாக்கி அடுத்த பேட்சுக்குத் தாண்டினால், குஞ்சு எண்ணிக்கையைக் கையிலுள்ள ரொக்கத்திற்கு ஏற்றவாறு குறைத்து இறக்குவதே பாதுகாப்பானது. கொட்டகையில் பாதி இடம் காலியாகக் கிடந்தால் பேட்சுக்கு இழப்பு தேய்மானமும் வட்டியுமாகச் சில ஆயிரம் ரூபாய்தான். அதை நிரப்பவென்று மீண்டும் கடனில் தீவனம் வாங்கி, விலையும் சரிந்தால் இழப்பு அதைப்போல் பல மடங்காகும்.